லீவு லெட்டர் மாதிரி எழுதாதே, கண்ணு

பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். சாப்பிட்டு முடித்ததும் கைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தாள். "மாமா, இதைக் கொஞ்சம் பாருங்க. நாளைக்கு மேனேஜருக்கு மெயில் போடணும்" என்றாள்.

சம்பள உயர்வு கேட்டு எழுதிய கடிதம். ஆங்கிலத்தில்தான் எழுதியிருந்தாள். தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: "மதிப்பிற்குரிய ஐயா, நான் கடந்த 6 ஆண்டுகளாகத் தங்கள் நிறுவனத்தில் உண்மையாகவும் கடினமாகவும் உழைத்து வருகிறேன். வீட்டு வாடகையும் குழந்தையின் பள்ளிக் கட்டணமும் மிகவும் உயர்ந்துவிட்டன. மேலும் எனக்குக் கூடுதல் பொறுப்புகள் கொடுக்கப்பட்டுள்ளன. எனவே எனது சம்பளத்தைத் தங்களால் இயன்ற அளவு உயர்த்தித் தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்."

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி கம்பெனிகளின் பர்சனல் டிபார்ட்மெண்டில் 27 வருஷம் உட்கார்ந்திருந்தவன் நான். இந்தக் கடிதம் எனக்கு மனப்பாடம். ஆள் மாறும், தேதி மாறும், வாடகைக்குப் பதில் அம்மாவின் மருந்துச் செலவு வரும். மற்றபடி எல்லாம் ஒரே கடிதம்தான். ஆறாம் வகுப்பில் காய்ச்சலுக்கு லீவு கேட்டு எழுதப் பழகிய கடிதத்தையே முப்பது வயதில் சம்பளம் கேட்கவும் எழுதிக்கொண்டிருக்கிறோம். அங்கே காய்ச்சல் என்று சொன்னால் வாத்தியார் இரக்கப்பட்டு விட்டுவிடுவார். இங்கே இரக்கப்படுகிறவருக்குப் பணம் கொடுக்கும் அதிகாரம் கிடையாது.

இதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். அவளுடைய மேனேஜர் நல்ல மனிதர், ஆனால் சம்பளத்தை உயர்த்துவது அவர் இல்லை. அவர் அந்தக் கடிதத்தை எம்.டி.யிடம் கொண்டுபோக வேண்டும். எம்.டி. அக்கவுண்ட்ஸில் ஒரு வார்த்தை கேட்பார். ஆக, கடிதம் முடிவாகிற இடத்தில் அவள் இருக்கப்போவதில்லை. அவளுக்காக அங்கே பேசப்போகிறவர் மேனேஜர்தான். "பொண்ணுக்கு ஸ்கூல் பீஸ் ஏறிடுச்சுங்களாமா" என்று அவரால் எம்.டி.யிடம் சொல்ல முடியுமா? சொன்னால், யாருக்குத்தான் ஏறவில்லை என்று பதில் வரும்.

எனக்கே அப்படி வந்தது. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம் வாடகை ஏறிவிட்டது என்று எழுதிக் கொடுத்தேன். என் அப்போதைய அதிகாரி படித்துவிட்டு, "வாடகை ஏறினா என்கிட்ட வர்றீங்க, சரி. இறங்கினா திருப்பிக் கொடுப்பீங்களா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்த வருஷம் எனக்கு எல்லோரையும் போல 150 ரூபாய் ஏறியது.

அவளிடம் தாளைத் திருப்பிக் கொடுத்து, "கூடுதல் பொறுப்புன்னு ஒரே வரியில எழுதியிருக்கியே, அது என்ன கண்ணு?" என்று கேட்டேன். அதற்கு அவள் சொன்னது முக்கால் மணி நேரம் ஓடியது. கடிதத்தில் இருக்க வேண்டியதெல்லாம் அந்த முக்கால் மணி நேரத்தில் இருந்தது.

அவள் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டு பையரிடமிருந்து ஆர்டர் வருவதிலிருந்து சரக்கு பெட்டியில் ஏறுகிற வரை நடுவில் நிற்கிற ஆள். சாம்பிள் அனுப்புவது, நிறத்துக்கு ஒப்புதல் வாங்குவது, துணி எத்தனை கிலோ வேண்டும் என்று கணக்குப் போடுவது, நிட்டிங், டையிங், கட்டிங், தையல் என ஒவ்வொரு இடத்தையும் தேதி தவறாமல் விரட்டுவது எல்லாம் அவர் தலையில். 2024 நவம்பரில் பக்கத்து இருக்கையில் இருந்த சீனியர் வேலையை விட்டுப் போனார். "ரெண்டு மாசம் மட்டும் அந்த பையரையும் பார்த்துக்கம்மா, ஆள் போட்டுடுவோம்" என்றார் மேனேஜர். ஆள் போடவில்லை. 14 மாதமாக அவள் இரண்டு பையரைப் பார்க்கிறாள். சீனியருக்குக் கீழே இருந்த இரண்டு ஜூனியர்களும் இப்போது இவளிடம்தான் வந்து கேட்கிறார்கள். முன்பு விலைக்கணக்கு சீனியர் போடுவார், இப்போது இவள் போடுகிறாள். அவளுடைய சம்பளம் மொத்தம் 29,000 ரூபாய். போனவருக்கு 42,000. இது ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும்.

"இதை எழுதியிருக்கலாமே" என்றேன். "அவருக்குத் தெரியுமே மாமா, அவர்தானே கொடுத்தாரு" என்றாள்.

அவருக்குத் தெரியும். எம்.டி.க்குத் தெரியாது. மேனேஜருக்கே தேதி ஞாபகம் இருக்காது. "கொஞ்ச நாளா எக்ஸ்ட்ரா பார்க்குது" என்பதுதான் அவர் மனதில் இருக்கும். கொஞ்ச நாள் என்பது 14 மாதம் என்று தாளில் பார்க்கும்போதுதான் அவருக்கே சுருக்கென்று தைக்கும். அதனால் பொறுப்பை எழுதும்போது மூன்று விஷயங்கள் வேண்டும்: எந்தத் தேதியிலிருந்து, அதற்கு முன் யார் செய்தது, இப்போது யார் செய்வது. போனவருக்கு இவ்வளவு சம்பளம், எனக்கு இவ்வளவுதானா என்று எழுதக் கூடாது. அடுத்தவர் சம்பளத்தைக் கடிதத்தில் இழுத்தால் பேச்சு அந்த ஆளைப் பற்றித் திரும்பிவிடும், "உனக்கு யார் சொன்னது?" என்ற விசாரணையும் வரும். "அந்த இடம் 14 மாதமாக நிரப்பப்படவில்லை" என்று மட்டும் எழுதினால் போதும். 42,000-த்தை 14-ஆல் பெருக்கினால் 5,88,000 என்று அவர்களே போட்டுக்கொள்வார்கள். கணக்குப் போடத் தெரியாதவர்கள் யாரும் திருப்பூரில் கம்பெனி நடத்துவதில்லை.

பொறுப்பு பாதிதான். அதிகமாக வேலை செய்கிறேன் என்று சொன்னால், வேலையை மெதுவாகச் செய்கிறாய் என்றும் எடுத்துக்கொள்ளலாம். அதனால் என்ன மாறியது என்பது அடுத்த பாதி. பலரும் சறுக்குவது இங்கேதான். அவளும் முதலில் சறுக்கினாள்.

"கம்பெனிக்கு லட்சக்கணக்குல மிச்சம் பண்ணியிருக்கேன் மாமா. போன வருஷம் அந்த பையருக்கு ரெண்டு ஷிப்மெண்ட் ஏர்ல போச்சு. எனக்கு ஒண்ணுகூட ஏர் போகலை" என்றாள்.

வெளியில் இருக்கிறவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இங்கிருந்து போகும் சரக்கு பெரும்பாலும் தூத்துக்குடி வழியாகக் கப்பலில் போகிறது. இவர்களுடைய ஆர்டர்களில் கப்பல் வாடகை பையருடையது. கம்பெனி சொன்ன தேதியில் துறைமுகத்தில் சேர்த்தால் போதும். தாமதம் கம்பெனியின் தவறாக இருந்தால், கடையில் சரக்கு இறங்கவேண்டிய நாளைப் பிடிக்க விமானத்தில் அனுப்பச் சொல்வார்கள். அந்தச் செலவு முழுக்கக் கம்பெனி தலையில். 8,400 டீ-சர்ட், அட்டைப்பெட்டியோடு 1,950 கிலோ, கிலோவுக்கு 210 ரூபாய். போட்டுப் பாருங்கள், 4,09,500 ரூபாய். ஒரு பீஸுக்கு 49 ரூபாய் விழுகிறது. அந்த ஆர்டரில் வந்திருக்கக்கூடிய லாபம் முழுவதும் அதிலேயே போய்விடும். அதனால்தான் ஏற்றுமதி ஆபீஸ்களில் 'ஏர்' என்ற சொல்லைக் கேட்டால் முதலாளிகளின் முகம் மாறும்.

இரண்டு முறை போனதே, ஏன் போனது என்று கேட்டேன். ஒன்று நிற ஒப்புதல் தாமதமானதால். இன்னொன்று டையிங் யூனிட் 9 நாள் நின்றதால். அப்படியானால் இரண்டாவதைத் தொடக் கூடாது என்றேன். டையிங் யூனிட் நின்றதற்குப் பழைய சீனியர் பொறுப்பில்லை, அது இந்த வருஷம் நிற்காததற்கு இவளும் பொறுப்பில்லை. இரண்டையும் சேர்த்து ஏழெட்டு லட்சம் மிச்சம் என்று எழுதினால், எம்.டி. முதலில் கேட்பது "டையிங் நின்னதுக்கும் இந்தப் பொண்ணுக்கும் என்ன சம்பந்தம்?" என்பதாகத்தான் இருக்கும். அதற்கு மேனேஜரிடம் பதில் இருக்காது. ஒரு எண் பொய்யாகத் தெரிந்தால் பக்கத்தில் இருக்கும் உண்மையான எண்களையும் அது கெடுத்துவிடும்.

முதல் ஏர் விஷயம் வேறு. அதில் இவள் உண்மையிலேயே ஒன்றைச் செய்திருந்தாள். டையிங் யூனிட்டில் பையர் கேட்ட நிறத்தைச் சிறு துணித்துண்டில் ஏற்றிப் பார்ப்பதை லேப் டிப் என்பார்கள். கொஞ்சம் கூட்டிக் குறைத்து மூன்று சாயலில் ஏற்றி, கூரியரில் பையருக்கு அனுப்ப வேண்டும். அவர் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார், அல்லது மூன்றுமே சரியில்லை என்பார், மறுபடி ஏற்ற வேண்டும். ஒப்புதல் வராமல் துணிக்குச் சாயம் போட முடியாது. முன்பெல்லாம் ஆர்டர் ஷீட் கைக்கு வந்த பிறகுதான் இதை ஆரம்பிப்பார்கள், சராசரியாக 23 நாள் ஆகும். இவள் விலை பேசும்போதே பையரிடம் நிறங்களின் பான்டோன் எண்களைக் கேட்டு வாங்கி, ஆர்டர் வருவதற்கு முன்பே லேப் டிப்பை ஆரம்பித்துவிட்டாள். இப்போது ஆர்டர் வந்த பின் சராசரி 13 நாள். சில ஆர்டர்கள் கைகூடாமல் போய் லேப் டிப் செலவு வீணானதும் உண்டு. அது சில ஆயிரம்தான், 4 லட்சத்துக்கு முன்னால் ஒன்றுமில்லை.

"இது எங்க இருக்கு?" என்றேன். "என் எக்செல் ஷீட்ல இருக்கு மாமா. அனுப்பின தேதி, அப்ரூவல் தேதி ரெண்டும் எழுதியிருக்கேன்." இந்த ஷீட்தான் அவளுடைய சொத்து. ஆறு வருஷ உண்மையான உழைப்பு என்று எழுதியதைவிட இந்த இரண்டு தேதி வரிசைக்கு மதிப்பு அதிகம்.

இன்னொரு தவறும் இருந்தது. அவள் தன்னுடைய 14 மாதத்தைப் பழையவரின் 12 மாதத்தோடு ஒப்பிட்டிருந்தாள். அவளுக்குச் சாதகமாகத்தான் வந்தது. ஆனாலும் மாற்றச் சொன்னேன். பழையவரின் கடைசி 12 மாதத்தில் 11 ஷிப்மெண்ட், அதில் 4 தாமதம். இவளுடைய முதல் 12 மாதத்தில், அதாவது 2024 நவம்பர் முதல் 2025 அக்டோபர் வரை, 12 ஷிப்மெண்ட், 1 தாமதம். ஆர்டர் குறைந்ததால் தாமதம் குறைந்ததா என்று யாராவது கேட்பதற்கு முன்பே 11, 12 என்ற எண்கள் பதில் சொல்லிவிடுகின்றன.

அந்த ஒரு தாமதத்தை எழுத வேண்டுமா என்று தயங்கினாள். ஜூலையில் 6 நாள் தாமதம், பையர் விலையில் பிடித்துக்கொண்டார். எழுது என்றேன். மேனேஜர் அதை மறந்திருக்க மாட்டார், கடிதத்தைப் படிக்கும்போது அவர் மனதில் அதுதான் முதலில் ஓடும். நீயே ஒரு வரியில் சொல்லிவிட்டால் அது அங்கேயே முடிந்துவிடும். மறைத்தால் மற்ற வரிகளைப் படிக்கும்போதெல்லாம் அது எட்டிப் பார்க்கும்.

மூன்றாவதாகத் துணிக் கணக்கு. 24,000 பீஸ் ஆர்டர் ஒன்றில் ஒரு பீஸுக்கு 212 கிராம் துணி என்று போட்டிருந்தார்கள். சிறிய சைஸ்களுக்கு ஒரு டயா, பெரிய சைஸ்களுக்கு வேறு டயா என்று நிட்டிங்கில் துணியின் அகலத்தைப் பிரித்து ஓட்டலாமே என்று இவள் கேட்டிருக்கிறாள். கட்டிங் மாஸ்டர் மார்க்கரை மறுபடி போட்டுப் பார்த்து 205 கிராமுக்குக் கொண்டு வந்தார். 7 கிராம், 24,000 பீஸ், ஆக 168 கிலோ. கிலோ 480 ரூபாய் துணி. 80,640 ரூபாய் மிச்சம். "இதை நான் பண்ணினேன்னு எழுதலாமா மாமா? மார்க்கர் போட்டது அவரு" என்றாள். அப்படியே எழுதச் சொன்னேன்: யோசனை என்னுடையது, மார்க்கரை மாற்றிப் போட்டது கட்டிங் மாஸ்டர். மேனேஜர் மாஸ்டரைக் கூப்பிட்டுக் கேட்டால் அவரும் அதையேதான் சொல்வார். பங்கைச் சரியாகப் பிரித்துச் சொல்கிற ஆள் மற்ற இடங்களிலும் சரியாகத்தான் சொல்லியிருப்பார் என்று படிக்கிறவர் நம்புவார்.

இனி தொகை. "தங்களால் இயன்ற அளவு" என்று கேட்டால் இயன்ற அளவுதான் கிடைக்கும். அந்தக் கம்பெனியில் இயன்ற அளவு என்பது வருஷாவருஷம் எல்லோருக்கும் போடுகிற 8, 10 சதவீதம். அவளுக்கு 10 சதவீதம் போட்டால் 2,900 ரூபாய். அவள் மனதில் இருந்தது 38,000, அதாவது 9,000 ரூபாய் கூடுதல், 31 சதவீதம். "31 பர்சென்ட்டா!" என்று எம்.டி. நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவார்.

நான் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து கற்றுக்கொண்டது இதுதான். இன்கிரிமெண்ட் என்று கேட்டால் பதில் சதவீதத்தில் வரும். செய்கிற வேலைக்கான பதவியும் அதன் சம்பளமும் என்று கேட்டால் பதில் தொகையில் வரும். இரண்டுக்கும் கம்பெனிக் கணக்கில் வேறு வேறு தலைப்பு. வருஷ உயர்வுக்கு ஒரு மொத்தத் தொகையை ஒதுக்கி வைத்திருப்பார்கள், ஒருவருக்கு அதிகம் கொடுத்தால் இன்னொருவருக்குக் குறைக்க வேண்டும். காலியாக இருக்கும் சீனியர் இடத்துக்கான பணம் அந்த ஒதுக்கீட்டில் சேராது. அவளுடைய கோரிக்கையை 29,000-த்திலிருந்து 31 சதவீதம் ஏற்றம் என்று பார்த்தால் பேராசை. 42,000 கொடுத்துக்கொண்டிருந்த இடத்தை 38,000-க்கு நிரப்புவது என்று பார்த்தால் கம்பெனிக்கு மாதம் 4,000 லாபம். எண் ஒன்றுதான், எந்தத் தலைப்பின் கீழ் வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம்.

இத்தனையிலிருந்து இத்தனைக்குள் என்று கேட்காதே என்றும் சொன்னேன். 34,000 முதல் 38,000 வரை என்று எழுதினால் படிக்கிறவர் கண்ணில் 34,000 மட்டும்தான் விழும். ஒரே எண், அது மொத்தச் சம்பளமா, பி.எஃப். பங்கு, கிராஜுவிட்டி எல்லாம் சேர்த்த சி.டி.சி.யா என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். இதைச் சொல்லாமல் கேட்டு, "38,000 கொடுத்துவிட்டோம்" என்று அவர்கள் சி.டி.சி.யைச் சொல்ல, கைக்கு வந்ததைப் பார்த்து அழுதவர்கள் எனக்குத் தெரியும்.

அன்று மாலை அவள் உட்கார்ந்து மறுபடி எழுதினாள். தமிழில் தருகிறேன்.

"வணக்கம் சார்.

2024 நவம்பர் முதல், என்னுடைய பையரோடு, காலியான சீனியர் மெர்ச்சண்டைசர் பார்த்து வந்த பையரையும் நான் கவனித்து வருகிறேன். அந்த இடம் 14 மாதமாக நிரப்பப்படவில்லை. அவர் செய்துவந்த விலைக்கணக்கு, இரண்டு ஜூனியர்களின் மேற்பார்வை ஆகியவையும் அன்றிலிருந்து என்னிடம் உள்ளன. என் பதவியும் சம்பளமும் அதற்கு முன் இருந்தபடியே உள்ளன.

அந்த பையரின் ஆர்டர்கள்: 2023 நவம்பர் முதல் 2024 அக்டோபர் வரை 11 ஷிப்மெண்ட், 4 தாமதம். அடுத்த 12 மாதத்தில் 12 ஷிப்மெண்ட், 1 தாமதம். (ஜூலையில் 6 நாள். அதன் காரணத்தை அப்போதே தங்களுக்கு எழுதியிருந்தேன்.)

ஆர்டர் ஷீட் வந்ததிலிருந்து லேப் டிப் ஒப்புதலுக்கு ஆகும் சராசரி நாள் 23-லிருந்து 13 ஆகியுள்ளது. விலை பேசும்போதே நிறங்களை வாங்கி வேலையைத் தொடங்குவதே காரணம். முந்தைய ஆண்டில் நிற ஒப்புதல் தாமதத்தால் ஒரு ஷிப்மெண்ட் ஏரில் போய் 4,09,500 ரூபாய் செலவானது. இந்த 14 மாதத்தில் அப்படி எதுவும் இல்லை.

24,000 பீஸ் ஆர்டரில் டயாவைப் பிரித்து ஓட்டும் யோசனையை நான் சொன்னேன். கட்டிங் மாஸ்டர் மார்க்கரை மாற்றிப் போட்டு, பீஸுக்கு 7 கிராம் குறைத்தார். மிச்சம் 168 கிலோ துணி, 80,640 ரூபாய்.

என் பதவியைச் சீனியர் மெர்ச்சண்டைசர் என்று மாற்றி, மொத்த மாதச் சம்பளத்தை (கிராஸ்) ஏப்ரல் முதல் 38,000 ரூபாயாக நிர்ணயிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். தேதி வாரியான ஷீட்டை இணைத்துள்ளேன். அடுத்த வாரம் தங்களுக்கு வசதியான நாளில் 15 நிமிடம் பேச விரும்புகிறேன்."

வாடகை இல்லை, பள்ளிக் கட்டணம் இல்லை, தாழ்மையும் இல்லை. மரியாதை இருக்கிறது. வேறு கம்பெனியில் கூப்பிடுகிறார்கள் என்ற வரியும் இல்லை. உண்மையில் ஒரு இடத்தில் பேசியிருக்கிறாள். கையில் ஆர்டர் வாங்கி, "சரி, போய்க்கோ" என்றால் மறுநாளே போகத் தயாராக இருக்கிறவர்கள்தான் அதை எழுத வேண்டும். மிரட்டலுக்காக எழுதினால், அந்த வருஷம் கொடுத்துவிட்டு அடுத்த நாளிலிருந்து உங்கள் இடத்துக்கு ஆள் தேடுவார்கள். நானே தேடியிருக்கிறேன்.

மறுநாளே அனுப்ப வேண்டாம், வியாழக்கிழமை அனுப்பு என்றேன். திங்கள், செவ்வாயில் அவர்களுக்கு ஒரு ஷிப்மெண்ட் இருந்தது. ஜனவரி சரியான மாதம்தான். அங்கே ஏப்ரல் சம்பளத்துக்கான கணக்கைப் பிப்ரவரியில் முடித்துவிடுவார்கள். மார்ச் கடைசியில் வரும் கடிதம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்பதற்குத்தான் உதவும்.

இந்த இடத்தில், 20,000 ரூபாய்க்குப் பக்கத்தில் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இ.எஸ்.ஐ.க்கு இப்போதுள்ள மாதச் சம்பள வரம்பு 21,000 ரூபாய். 20,800 வாங்குகிற ஒருவர் போராடி 22,000 ஆக்கிக்கொண்டால், அந்த அரையாண்டு முடிந்ததும், அதாவது செப்டம்பர் 30 அல்லது மார்ச் 31-க்குப் பிறகு, அவருக்குச் சந்தா நின்றுவிடும். அதற்குரிய பலன் காலமும் கழிந்தால் குடும்பத்துக்கே இருந்த மருத்துவ வசதி போய்விடும். தன் சம்பளத்திலிருந்து அவர் கட்டி வந்தது 0.75 சதவீதம், மாதம் 156 ரூபாய்தான். அந்தப் பணத்துக்கு வெளியில் குடும்ப மருத்துவக் காப்பீடு கிடைக்காது. வரம்பைத் தாண்டுவதென்றால் காப்பீட்டுப் பணத்தையும் சேர்த்துத் தாண்டும்படி கேட்க வேண்டும்.

கடிதம் கொடுத்த பிறகு வரும் பதில்களில் மோசமானது 'இல்லை' என்பது அல்ல. "பார்க்கலாம்மா" என்பதுதான். அதற்கு நான் சொல்லிக்கொடுத்தது ஒரே கேள்வி: "சரிங்க சார், எப்போ உங்களை மறுபடி கேட்கட்டும்?" தேதி சொன்னால் அவர் உண்மையில் மேலே கொண்டுபோகப் போகிறார். தேதி சொல்லாமல் பேச்சை மாற்றினால் கடிதம் அவருடைய மேசையைத் தாண்டவில்லை. பணம் இப்போது முடியாது என்றால் பதவிப் பெயரை மட்டுமாவது மாற்றி, சம்பளத்தை எந்த மாதம் பார்ப்பார்கள் என்று எழுத்தில் வாங்க வேண்டும். பதவிப் பெயருக்குக் கம்பெனிக்குச் செலவில்லை, அடுத்த இடத்தில் சம்பளம் பேசும்போது அவளுக்கு அது பணம்.

அவளுடைய மேனேஜர் பிப்ரவரி 10 என்று தேதி சொன்னார். மெயிலில் ஒரு வார்த்தைகூட மாற்றாமல், "பரிந்துரைக்கிறேன், எண்களைச் சரிபார்த்துவிட்டேன்" என்று மேலே ஒரு வரி போட்டு எம்.டி.க்கு அனுப்பியிருந்தார். எம்.டி. கேட்டது ஒரே ஒரு கேள்வி, அந்த ஜூலை ஷிப்மெண்டைப் பற்றி. காரணம் மேனேஜரின் மெயிலிலேயே இருந்ததால் அவர் அங்கேயே பதில் சொல்லிவிட்டார்.

கிடைத்தது 38,000 இல்லை. 35,500 ரூபாய், ஏப்ரல் முதல், சீனியர் மெர்ச்சண்டைசர். கூடுதலான 6,500 ரூபாயையும் அலவன்ஸில் போட்டுத்தான் முதலில் தாள் வந்தது. அதை மட்டும் கேட்டு மாற்றச் சொன்னேன். கிராஜுவிட்டி அலவன்ஸை வைத்து இல்லை, கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான் வரும்: அதை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வேலை செய்த வருஷங்களால் பெருக்க வேண்டும். பாதி, அதாவது 3,250 ரூபாய், அடிப்படையில் ஏறினால் வருஷத்துக்கு 1,875, அவளுடைய 6 வருஷத்துக்கு 11,250 ரூபாய் கூடும். முழுதும் அலவன்ஸில் கிடந்தால் அவர்கள் கணக்கில் அது பூஜ்யம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, அலவன்ஸ்கள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய தொகையையும் சம்பளமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். அவள் அடிப்படை பழைய 14,500-லேயே நின்றிருந்தால் 35,500-க்குப் பாதிகூட வராது. அதைச் சொன்னதும் அக்கவுண்ட்ஸில் மறுபேச்சில்லாமல் 17,750 என்று மாற்றிக் கொடுத்தார்கள்.

அவளுடைய பழைய இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. இரண்டு பையரையும் அவள்தான் பார்க்கிறாள். அது எந்தத் தேதியிலிருந்து என்பதை ஷீட்டில் இப்போதே குறித்து வைத்திருக்கிறாள்.